எந்த நேரத்து எண் இது?

கிள்ளானில் புகைமூட்டம் படர்ந்த ஒரு காலை என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் 10ஆம் தேதி. ஒரு குடியிருப்பாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்காக ஒரு டேஷ்போர்டு நடத்துகிறது. அரசுத் துறைகள் பொதுவில் தரும் தரவுகளை ஒரு நிரல் எடுத்துவந்து திரையில் அடுக்குகிறது. கிள்ளானின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு முதல் கட்டத்தில். அந்த வட்டாரக் கடைகளில் பெரிய வெங்காயத்தின் சராசரி விலை இரண்டாவதில். நாட்டின் பயனீட்டாளர் விலைக் குறியீடு மூன்றாவதில். திரையின் மேல் மூலையில் ஒரே ஒரு வரி: "கடைசியாகப் புதுப்பித்தது: 10 மே, காலை 7:02".

அந்த வரி பொய்யில்லை. 7:02க்கு நிரல் ஓடியது உண்மைதான். ஆனால் திரையில் இருக்கும் மூன்று எண்களில் எதுவுமே 7:02ஐப் பற்றிப் பேசவில்லை. காற்றின் எண்ணைச் சுற்றுச்சூழல் துறை மணிக்கு ஒருமுறை வெளியிடுகிறது. வெங்காய விலை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அதிகாரிகள் கடைகடையாகப் போய்ச் சேகரிப்பது. நாளுக்கு ஒருமுறை சேர்கிறது. விலைக் குறியீட்டைப் புள்ளிவிவரத் துறை மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. மேலே ஒரே நேரத்தைப் போட்டதும், பார்ப்பவர் மூன்றுமே இன்று காலையின் நிலவரம் என்று எடுத்துக்கொள்கிறார். அப்படி எடுத்துக்கொள்ள அந்த வரிதான் அவரைத் தூண்டியது. ஒவ்வோர் எண்ணும் தான் எந்தக் காலத்தைப் பற்றியது என்பதைத் தன் அடியிலேயே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஆனால், எந்த நேரத்தை எழுதுவது என்பதுதான் இதில் கடினமான பகுதி. மூன்று கட்டங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் அது விளங்கும்.

காற்றிலிருந்து தொடங்குவோம். மணிக்கு ஒருமுறை மாறுகிறதே, இதில் என்ன சிக்கல் என்று தோன்றும். மலேசியக் குறியீடு ஆறு மாசுகளை அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைக் குறியீடு கணக்கிட்டு, அவற்றில் மிக உயர்ந்ததை அந்த இடத்தின் எண்ணாக அறிவிக்கிறது. புகைமூட்ட நாட்களில் முன்னே நிற்பது பெரும்பாலும் பிஎம் 2.5 என்னும் நுண்துகள். 2018 ஆகஸ்டில்தான் அது இந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டது. துணைக் குறியீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது அந்த ஒரு மணி நேரத்தின் அளவு அல்ல. கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. ஒவ்வொரு மணிக்கும் பழைய ஒரு மணி நேரம் கழன்று விழுகிறது, புதிய ஒன்று வந்து சேர்கிறது.

இதன் விளைவைச் சிறு கணக்கில் பார்க்கலாம். நேற்று முழுவதும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தது என்போம். நல்ல காற்று. இன்று அதிகாலை 3 மணிக்குக் கரிநிலத் தீயின் புகை வந்து இறங்குகிறது. கிள்ளானில் ஜோஹான் செத்தியா பகுதியை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மண்ணுக்கு அடியிலேயே எரியும் நிலம் அது. அளவு ஒரேயடியாக 150க்கு ஏறி அங்கேயே நிற்கிறது. நான்கு மணி நேரம் கழித்து, காலை 7 மணிக்கு, சராசரி எவ்வளவு? இருபது மணி நேரம் 15, நான்கு மணி நேரம் 150. கூட்டி 24ஆல் வகுத்தால் 37.5. 24 மணி நேரத்துக்கு மலேசியா வைத்திருக்கும் தரநிலை 35. அதாவது, மூச்சில் போகும் காற்று இயல்பைவிடப் பத்து மடங்கு மோசமாகி நான்கு மணி நேரமான பிறகுதான் சராசரி அந்தக் கோட்டைத் தொட்டுத் தாண்டுகிறது. பகல் 3 மணிக்கு, பன்னிரண்டு மணி நேரம் ஆன பின்னும், சராசரி 82.5தான். எதிர்ப்பக்கமும் அப்படியே. மாலையில் பெருமழை பெய்து காற்று கழுவப்பட்டுவிட்டாலும் குறியீடு இரவு முழுக்க உயரத்திலேயே நிற்கும். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் இன்னும் சராசரிக்குள்தான் இருக்கிறது.

இது குறியீட்டின் குறை அல்ல. நீண்ட நேரம் சுவாசித்தால் உடலுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு 24 மணி நேரச் சராசரி சரியான அளவுகோல். குறியீடு 100ஐத் தொட்டால் மாணவர்களின் வெளி நடவடிக்கைகளை நிறுத்தவும் 200ஐத் தொட்டால் பள்ளிகளை மூடவும் கல்வி அமைச்சு சொன்னது இந்த எண்ணை வைத்துத்தான். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலா சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்ட வட்டாரம் இது. இங்கே இந்த எண்ணை யாரும் விளையாட்டாகப் பார்ப்பதில்லை. ஆனால் "இப்போது பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பலாமா" என்று கேட்கும் தாய்க்கு அந்த எண் தரும் பதில் பெரும்பாலும் நேற்றைப் பற்றியது. எனவே அதன் அடியில் "7 மணி" என்று மட்டும் எழுதுவது போதாது. "காலை 7 மணி வரையிலான 24 மணி நேரச் சராசரி" என்று எழுத வேண்டும். எப்போது வெளியானது என்பது ஒன்று, எவ்வளவு காலத்தைத் தன்னுள் அடக்கியிருக்கிறது என்பது வேறொன்று. அடிக்கடி மாறும் எண் அண்மைக் காலத்தை மட்டும் பேசுகிறது என்று நினைப்பதே முதல் பிழை.

இரண்டாவது கட்டம் வெங்காயம். அமைச்சு சேகரிக்கும் விலைகள் பிரைஸ்கேட்சர் என்ற பெயரில் வெளியாகின்றன. data.gov.my தளத்தில் அவற்றை மாதத்துக்கு ஒரு கோப்பாக யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வரியிலும் நான்கே செய்திகள்: தேதி, கடையின் குறியீட்டு எண், பொருளின் குறியீட்டு எண், விலை. கோப்பு நாள்தோறும் வளர்கிறது. அதனால் டேஷ்போர்டு செய்பவர் இதைத் "தினசரித் தரவு" என்று குறித்துக்கொண்டு மேலே போய்விடுவார்.

ஆனால் கோப்பு தினசரி வளர்கிறது என்பதற்கு ஒவ்வொரு கடையின் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நாளும் அதில் ஏறுகிறது என்று பொருளில்லை. அதிகாரி இன்று ஒரு சந்தைக்குப் போவார், நாளை வேறொரு பேரங்காடிக்குப் போவார். உங்கள் தெருமுனைக் கடையின் வெங்காய விலை சென்ற செவ்வாய்க்கிழமையோடு நின்றிருக்கலாம். கோப்பின் தேதி இன்றையது, அந்த வரியின் தேதி சென்ற வாரத்தது. திரையில் காட்ட வேண்டியது வரியின் தேதியை. புதுமை கோப்புக்கு உரியதல்ல, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் உரியது என்பதை இந்தத் தரவைப் போலத் தெளிவாகக் கற்றுத்தருவது எனக்குத் தெரிந்து வேறில்லை.

சராசரி எடுக்கும்போது இது இன்னும் மோசமாகிறது. ஓர் எடுத்துக்காட்டு போடுகிறேன். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு வட்டாரத்தில் ஆறு கடைகள். நான்கு ஈரச்சந்தைக் கடைகளில் கிலோ 4 ரிங்கிட். இரண்டு பேரங்காடிகளில் 5 ரிங்கிட் 50 சென். நேற்று ஆறுமே பதிவாகின. சராசரி 4 ரிங்கிட் 50 சென். இன்று இதுவரை பேரங்காடிகள் இரண்டு மட்டும் பதிவாகியுள்ளன. இன்றைய சராசரி 5 ரிங்கிட் 50 சென். எந்தக் கடையிலும் ஒரு சென்கூட விலை ஏறவில்லை. ஆனால் திரையில் சிவப்பு அம்பு மேல்நோக்கிப் பாய்கிறது: வெங்காயம் 22 விழுக்காடு உயர்வு. பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருப்பவர் இதைப் பார்த்து இரண்டு மூட்டை கூடுதலாக வாங்கி வைத்தால் நட்டம் அவருக்குத்தான். இதைக் கண்டுபிடிக்க வழி எளிது. வரைபடத்தின் கடைசிப் புள்ளி மட்டும் ஒவ்வொரு நாளும் தூக்கலாகவோ தாழ்வாகவோ வந்து, மறுநாள் தானாகவே வரிசைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் அது அரைகுறை நாள். எண்ணின் அடியில் "9 மே, 6 கடைகளில் 6" என்று எழுதலாம். "10 மே, 6 கடைகளில் 2" என்றால் அந்தச் சராசரியைக் காட்டாமலே விட்டுவிடுவது நல்லது.

நேர மண்டலமும் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் கடிக்கும். சேவைக் கணினிகள் பலவும் உலகப் பொதுநேரத்தில் ஓடுபவை. மலேசியா அதற்கு எட்டு மணி நேரம் முன்னால். நம் டேஷ்போர்டு காலை 7:02க்கு "இன்றைய தேதி என்ன" என்று அந்தக் கணினியைக் கேட்டால், அதற்கு அப்போது மே 9, இரவு 11:02. ஆகவே ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணி வரை திரை நேற்றைய தேதியை இன்று என்று எழுதிக்கொண்டிருக்கும். எட்டு அடித்ததும் தானே சரியாகிவிடும். பகலில் சோதித்துப் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. காலையில் மட்டும் தவறு, மற்ற நேரத்தில் சரி என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இனி மூன்றாவது கட்டம், பயனீட்டாளர் விலைக் குறியீடு. ஒரு மாதத்துக்கான எண்ணைப் புள்ளிவிவரத் துறை அடுத்த மாதத்தின் மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் வெளியிடும். ஏப்ரல் எண் மே பிற்பகுதியில்தான் வரும். ஆகவே மே 10 அன்று நாட்டில் யாரிடமும் இருக்கும் மிகப் புதிய எண் மார்ச் மாதத்தினுடையது. மார்ச் முடிந்தே 40 நாள் ஆகிவிட்டது. இந்த எண் பழசா?

வயதில் பழசு. ஆனால் கெட்டுப்போகவில்லை. பாக்கெட் பாலும் புளியும் ஒரே அலமாரியில் இருந்தால் வாங்கிய தேதியை மட்டும் பார்த்து எதையும் நாம் வீசுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு இருப்பது தெரியும். மாத எண்ணுக்கு 40 நாள் வயது இயல்பு. மணிக்கொரு முறை வரும் காற்றின் எண் மூன்று மணி நேரமாக மாறாமல் நின்றால் அங்கே ஏதோ உடைந்திருக்கிறது. பல டேஷ்போர்டுகள் வயதை மட்டும் பார்த்து ஒரு நாளுக்கு மேற்பட்டதை எல்லாம் மங்கலாக்கிவிடுகின்றன. விளைவு: நல்ல நிலையிலுள்ள மாத எண் எப்போதும் மங்கலாகவே கிடக்கிறது, செத்துப்போன மணிநேர எண் ஒரு நாள் முழுக்கப் பளிச்சென்று நிற்கிறது. பார்ப்பவர் சில வாரங்களில் மங்கலைக் கவனிப்பதையே விட்டுவிடுவார். கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு பழையது" அல்ல, "வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டதா" என்பது.

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல மூன்று நேரங்கள் தேவை. மலேசியாவின் data.gov.my இதை நன்றாகவே செய்திருக்கிறது. அங்கே தரவுத் தொகுப்புகளின் விவரக்குறிப்பில் மூன்று புலங்களைக் காணலாம். `data_as_of` என்பது எண் எந்தக் காலம் வரையிலானது என்பதைச் சொல்கிறது. `last_updated` என்பது துறை அதை எப்போது வெளியிட்டது என்பது. `next_update` என்பது அடுத்தது எப்போது வரும் என்பது. நம் எடுத்துக்காட்டில் முதலாவது மார்ச், இரண்டாவது ஏப்ரல் பிற்பகுதி, மூன்றாவது மே பிற்பகுதி. நிரல் ஓடிய 7:02 இந்த மூன்றிலுமே இல்லை. அது டேஷ்போர்டை நடத்துபவரின் சொந்த விஷயம். பெரும்பாலான திரைகளில் மேல் மூலையில் பெரிதாக நிற்பதோ அந்த நான்காவதுதான்.

`next_update` கையில் இருந்தால் தீர்ப்புச் சொல்லும் நிரல் சில வரிகளில் முடிந்துவிடும்:

```python
def status(now, next_update, grace):
    if now <= next_update:
        return "உரிய காலத்தில்"
    if now <= next_update + grace:
        return "வர வேண்டியது"
    return "தாமதம்"
```

இதில் `grace` என்பது பொறுத்திருக்கும் நேரம். மணிக்கொரு முறை வரும் எண்ணுக்கு அரை மணி, தினசரி எண்ணுக்குச் சில மணி, மாத எண்ணுக்கு ஒரு நாள் என்று தொடங்கலாம். மணிநேர மூலங்களுக்கு அடுத்த வரவை யாரும் அறிவிப்பதில்லை. அதை நாமே கணிக்க வேண்டும். ஒரு மாதம் பொறுமையாக ஒவ்வொரு எண்ணும் தன் நேரத்துக்குப் பிறகு எத்தனை நிமிடத்தில் வந்து சேர்ந்தது என்று பதிந்து வையுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை எந்த நிமிடத்துக்குள் வந்துவிடுகிறதோ, அதற்கு மேல் போனால் தாமதம். உட்கார்ந்து ஊகித்த எல்லையைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நிரல் வெற்றிகரமாக ஓடியது என்பதும் புதிய எண் வந்தது என்பதும் ஒன்றல்ல. மறுமுனை பழைய கோப்பையே மறுபடி கொடுத்தாலும் இணைப்பு "200 ஓகே" என்றுதான் சொல்லும். நிரல் மகிழ்ந்துபோய் மேல் மூலையில் புதிய நேரத்தைப் பொறித்துவிடும். ஆகவே இணைப்பின் பதிலை நம்பாமல், வந்த தரவுக்குள்ளேயே இருக்கும் மிகப் பிந்திய தேதியைத் தேடி எடுத்து அதையே லேபிளில் எழுத வேண்டும்.

தாமதத்தை நேரத்தோடு கண்டுபிடிப்பது உயிர் சம்பந்தப்பட்டதாக மாறும் இடம் ஆறு. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி மீட்புப் படகுக்குக் காத்திருந்தார்கள். கிள்ளான் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் வடிகால் நீர்ப்பாசனத் துறை நீர்மட்டக் கருவிகளை வைத்திருக்கிறது. துறையின் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் ஒவ்வொரு நிலையமும் ஒரு வரி. நீர்மட்டம் மீட்டரில் இருக்கும். பக்கத்திலேயே இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்ற நான்கு எல்லைகள். அந்த வரியிலேயே, அந்த நிலையத்துக்கென்று தனியாக, கடைசியாகப் புதுப்பித்த நேரமும் இருக்கும். மேலே ஒற்றை நேரம் போட்டு முடித்துக்கொள்ளாமல் வரிக்கு வரி நேரம் போட்ட அந்த முடிவு மிகச் சரியானது. ஏனென்று சொல்கிறேன்.

சாதாரண நாளில் ஒரு கருவி பேசாமல் போனால் காரணம் எதுவாகவும் இருக்கலாம்: பேட்டரி, செல்பேசிக் கோபுரம், பழுது. வெள்ள நாளில் அப்படியில்லை. கருவியை முடக்குவதும் மக்களை முடக்குவதும் ஒரே தண்ணீர்தான். மின்சாரம் நிற்கிறது, 2021இல் பாதுகாப்புக் கருதித் துணைமின் நிலையங்களே பல இடங்களில் நிறுத்தப்பட்டன. தொலைத்தொடர்பு அறுகிறது. கருவியே மூழ்கலாம். ஆக, அபாயம் மிகுந்த நிலையங்கள்தான் முதலில் மௌனமாகும் வாய்ப்பு அதிகம். புள்ளியியலில் இதைத் தற்செயலாக விடுபடாத தரவு என்பார்கள்: எண் இல்லாமல் போனதற்கும் அந்த எண் என்னவாக இருந்திருக்கும் என்பதற்கும் தொடர்பு இருக்கிறது.

இந்த நேரத்தில் டேஷ்போர்டு வழக்கமாகச் செய்வது என்ன? புதிய எண் வராவிட்டால் கடைசி எண்ணையே வைத்துக்கொண்டிருப்பது. ஒரு நிலையத்தின் அபாய எல்லை 5 மீட்டர் என்போம். மாலை 4 மணிக்கு 4.4 மீட்டர், மணிக்கு 30 சென்டிமீட்டர் வீதம் ஏறுகிறது. அத்தோடு கருவி நின்றுவிட்டது. ஏற்றம் அதே வேகத்தில் தொடர்ந்தால் 6 மணிக்கு ஆறு அபாயக் கோட்டைத் தொட்டுவிடும். 7 மணிக்கு அதைத் தாண்டி 30 சென்டிமீட்டர் மேலே. திரையில் மட்டும் 4.4, எச்சரிக்கை நிறம், அசையாமல். அசையாத எண்ணைப் பார்ப்பவர் நீர் நிலைத்துவிட்டது என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுவார். இங்கே மங்கலாக்குவதோ மூலையில் சின்ன எழுத்தில் நேரம் எழுதுவதோ போதாது. எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் "4:00 மணிக்குப் பிறகு தகவல் இல்லை, கடைசி அளவு 4.4 மீ., ஏறுமுகம்" என்று எழுத வேண்டும். வண்ணமும் மாற வேண்டும். பச்சையும் மஞ்சளும் சிவப்பும் போக, "தெரியவில்லை" என்பதற்கென்றே ஒரு நிறம் இருக்க வேண்டும். கருவி வழக்கமாகச் சுமார் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பேசுகிறது என்றால் 45 நிமிட மௌனமே அந்த நிறத்துக்குப் போதும்.

சில எண்களுக்கு ஒரு தேதி போதாது, இரண்டு வேண்டும். கோவிட் காலத்தில் மலேசியச் சுகாதார அமைச்சு 2021 ஜூலையில் தன் தரவுகளைப் பொதுவில் திறந்துவிட்டது. அதில் மரணங்களுக்கு `deaths_new`, `deaths_new_dod` என இரண்டு நெடுவரிசைகள். முதலாவது அன்று அறிவிக்கப்பட்ட மரணங்கள். இரண்டாவது அன்று உண்மையில் நிகழ்ந்த மரணங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவமனைகள் திணறிய அந்த மாதங்களில் மரணம் நிகழ்வதற்கும் பதிவாகி அறிவிக்கப்படுவதற்கும் இடையே நாட்களும் வாரங்களும் ஓடின. முதல் நெடுவரிசையைப் பார்த்தால் செப்டம்பரில் திடீரென எகிறும். அதில் பல மரணங்கள் முன்பே நேர்ந்தவை. இரண்டாவதைப் பார்த்தால் கடைசிச் சில நாட்கள் எப்போதுமே குறைவாகத் தெரியும், ஏனென்றால் அவற்றுக்கான அறிவிப்பு இன்னும் வரவேண்டியிருக்கிறது. தொற்று தணிகிறது என்ற பொய்யான ஆறுதல் ஒவ்வொரு வாரமும் புதிதாகப் பிறக்கும். இரண்டையும் தனித்தனியாகத் தந்தது அமைச்சின் நேர்மை. இப்படிப்பட்ட எண்ணைத் திரையில் வைப்பவர் "நிகழ்ந்த தேதிப்படி, கடைசி ஏழு நாள் எண்கள் இன்னும் கூடலாம்" என்று சேர்த்து எழுதினால்தான் அந்த நேர்மை பார்ப்பவரிடம் போய்ச் சேரும்.

வெவ்வேறு வேகத்தில் வரும் எண்களை ஒன்றோடொன்று கலந்து புதிய எண் செய்யும்போதுதான் லேபிள் அதிகமாகத் தொலைகிறது. வெங்காயத்தின் விலை பொது விலைவாசியைவிட வேகமாக ஏறுகிறதா என்று காட்ட நினைத்து, மே 9 விலையை விலைக் குறியீட்டால் வகுக்கிறோம். வகுத்தது மார்ச் குறியீட்டால். பிறந்த எண்ணுக்கு என்ன தேதி? நிரல் மே 9 என்று எழுதிவிடும். அது தவறு. கலவை எண் தன் கூறுகளில் மிகப் பழையதைவிடப் புதியதாக இருக்க முடியாது. "வெங்காயம் 9 மே, குறியீடு மார்ச்" என்று இரண்டையும் எழுத வேண்டும். மாத எண்ணை நாள்வாரி அட்டவணையில் முப்பது வரிகளுக்கும் நிரப்பிவிடும் பழக்கமும் இங்கேதான் வினையாகிறது. நிரப்பிய வரிகள் அளந்த வரிகளைப் போலவே தோற்றமளிக்கும். மாதம் முழுக்க விலைவாசி அசையாமல் இருந்து முதல் தேதியில் படியேறியதாக வரைபடம் காட்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மாத எண்ணை மாதத்துக்கு ஒரு புள்ளியாகவே வரைந்து, அதன் கடைசிப் புள்ளிக்கு அப்பால் கோட்டை நிறுத்திவிட வேண்டும். காலியாக இருக்கும் அந்த இடம் பார்ப்பவருக்கு ஒரு செய்தி.

லேபிளை எழுதும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "2 மணி நேரத்துக்கு முன்" என்று எழுதுவது பல வடிவமைப்பாளர்களுக்குப் பிடிக்கும். திரை உயிரோடு இருக்கும்வரை அது சரி. நம் ஊரில் ஒரு டேஷ்போர்டைப் பெரும்பாலானோர் டேஷ்போர்டாகப் பார்ப்பதில்லை. யாரோ எடுத்த படமாக வாட்ஸ்அப் குழுவில் பார்க்கிறார்கள். புகைமூட்டமோ வெள்ளமோ வந்தால் அந்தப் படம் குழு குழுவாகத் தாவி மறுநாளும் சுற்றிக்கொண்டிருக்கும். "2 மணி நேரத்துக்கு முன்" என்ற சொற்கள் மறுநாளும் அப்படியே நிற்கும், பொய்யாக. தேதியும் மணியும் முழுதாக, எண்ணுக்கு ஒட்டி, படத்தை வெட்டினாலும் விடுபடாத தூரத்தில் இருக்க வேண்டும். கைபேசியில் விரல் வைத்தால் மட்டும் தெரியும் குறிப்புக்குள் நேரத்தை ஒளிப்பவர், படத்தைப் பெறும் எல்லோரிடமிருந்தும் அதை மறைக்கிறார்.

நம் மூன்று கட்டங்களுக்கும் திரும்பி எழுதிப் பார்த்தால் இப்படி வரும். காற்று: "10 மே காலை 7:00 வரையிலான 24 மணி நேரச் சராசரி, அடுத்தது 8:00". வெங்காயம்: "9 மே, 6 கடைகளில் 6". விலைக் குறியீடு: "மார்ச், ஏப்ரல் எண் மே பிற்பகுதியில்". மேல் மூலையில் இருந்த 7:02 போய்விட்டது. அதனால் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. நடத்துபவருக்கு வேண்டுமானால் தன் பதிவேட்டில் வைத்துக்கொள்ளட்டும்.

சங்கத்துக்கோ பள்ளிக்கோ கடைக்கோ இப்படி ஒரு திரை செய்துகொண்டிருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: வண்ணமும் வரைபடமும் தொடங்கும் முன் ஒவ்வொரு மூலத்துக்கும் அது பேசும் காலம், அடுத்து வரும் நேரம் ஆகிய இரண்டையும் ஓர் அட்டவணையில் எழுதி முடியுங்கள். அரசுத் தரவுகள் பலவற்றுக்கு அவை data.gov.my தளத்திலேயே கிடைக்கின்றன. திரையைப் பார்ப்பவர்களே, எண்ணோடு நேரம் ஒட்டியிராத படத்தை வெள்ள நாளிலும் புகைமூட்ட நாளிலும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். ஆற்றுக்கு இன்ஃபோபஞ்சிர் தளத்தையும் காற்றுக்குச் சுற்றுச்சூழல் துறையின் தளத்தையும் நேரே திறந்து, உங்கள் நிலையத்துக்கு எதிரே உள்ள நேரத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.